மட்டக்களப்புக்கு எடுக்கும் சூம் வகுப்பும் லண்டன் மாணவர் விசாவும்

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஊர் களுவாஞ்சிகுடி. உயர்தர இணைந்த கணிதத்துக்குச் சூமில் வகுப்பு எடுக்கிறாள். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வாவிக்கு அந்தப்பக்கம், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தவர்கள். மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் என்று 24,000 ரூபாய் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதோடு இரவில் ஃபைவரில் (Fiverr) லோகோவும் விளம்பரப் படமும் செய்து கொடுக்கிறாள். ஊரில் இருக்கும்வரை இந்த வேலைகளுக்கு எந்த விசாவும் குறுக்கே நிற்காது. சொந்த நாட்டில் சொந்த உழைப்பு.

செப்டெம்பரில் அவள் லண்டனுக்கு ஒரு வருட முதுகலைக்குப் போகிறாள். வகுப்பை விட மனமில்லை. மட்டக்களப்பில் மாலை ஏழு மணி என்றால் கோடைகால நேரத்தில் லண்டனில் பிற்பகல் இரண்டரை மணி, குளிர்காலத்தில் ஒன்றரை மணி. விரிவுரை இல்லாத நாளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கலாம். காசு ரூபாயில், இலங்கை வங்கியில், அதுவும் அம்மாவின் பெயரில். படிப்பது ஊர்ப்பிள்ளைகள். லண்டனில் ஒருவருடைய வேலையையும் அவள் பறிக்கவில்லை. இதில் பிழை என்ன என்று அவளும் கேட்பாள், விசாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த முகவரும் "அது உங்கட ஊர் வேலைதானே, பிரச்சினை இல்லை" என்பார்.

அது பிழைதான். பிரித்தானிய மாணவர் விசாவில் வேலை எங்கே நடக்கிறது என்பதை, செய்கிறவர் எந்த நாட்டில் இருந்து செய்கிறார் என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். காசு எந்த நாட்டில் வந்து விழுகிறது, யாருடைய கணக்கில் விழுகிறது, வாடிக்கையாளர் எந்த ஊர் என்பதெல்லாம் அதை மாற்றாது. லண்டனில் இருந்து எடுத்த வகுப்பு லண்டனில் செய்த வேலை. அவளுக்கு முதலாளி யாரும் இல்லாததால் அது சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழில் முழுத் தடை. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். தவணைக்காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 20 மணித்தியாலமும் ஒருவரிடம் ஊழியராக, சம்பளச் சீட்டோடு செய்யும் வேலைக்கு மட்டும் உரியது என்பது பலருக்குத் தெரியாது. சுயதொழிலுக்கு 20 அல்ல, ஒரு மணித்தியாலம்கூடக் கிடையாது.

ஆகவே ஃபைவர், அப்வர்க் (Upwork), வீடு வீடாகப் போய்க் கொடுக்கும் ரியூசன், வருமானம் வரும் யூடியூப் சனல், உணவு விநியோகச் செயலிகளில் சைக்கிளில் ஓடுவது எல்லாம் அந்தத் தடைக்குள் வந்துவிடும். விநியோக வேலைக்கு இன்னொருவருடைய கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் விசா மீறலோடு ஆள்மாறாட்டமும் சேர்கிறது. அந்தப் பக்கமே போகக் கூடாது.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜனவரி 31 முதல், பிரித்தானியாவுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் தங்கள் நாட்டு வேலையை அங்கிருந்து ஒன்லைனில் கவனிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அந்தச் செய்தி பரவிப் பரவி, "ஒன்லைன் வேலைக்கு இப்ப அனுமதி" என்று சுருங்கிவிட்டது. அந்தத் தளர்வு சுற்றுலாப் பயணிகளுக்கு, மாணவர்களுக்கு அல்ல.

சரி, இருக்கிற 20 மணித்தியாலத்தை எப்படி எண்ணுவது? பட்டப்படிப்பு, அதற்கு மேற்பட்ட படிப்பு என்றால் 20. பட்டத்துக்குக் கீழான படிப்பு என்றால் 10. வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய. சராசரி பார்ப்பதில்லை. இந்த வாரம் 23, அடுத்த வாரம் 12 என்றால் இந்த வாரம் மீறல்தான். இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். சம்பளமில்லாத வேலையும் சில வேளை கணக்கில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், மனமிருந்தால் வந்து உதவுங்கள் என்ற அளவில் போய்ச் செய்வது தொண்டு. அது கணக்கில் இல்லை. இத்தனை மணிக்குக் கட்டாயம் வரவேண்டும், இன்ன வகுப்பு உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தம் போட்டால் அது ஊதியமில்லாத வேலை. 20 மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும்.

முதுகலை மாணவர்கள் தவறும் இடம் கோடைகாலம். இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஜூனிலிருந்து விடுமுறை. அவர்கள் முழுநேரம் வேலை செய்யலாம். ஒரு வருட முதுகலைக்காரருக்கு அந்த மாதங்கள் ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம். பல்கலைக்கழகக் கணக்கில் அது பெரும்பாலும் தவணைக்காலம்தான். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 40 மணித்தியாலம் சரி, மற்றவருக்கு 20-க்கு மேல் மீறல். பல்கலைக்கழகத்திடம் தவணைத் திகதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். வேலை கொடுப்பவரும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்.

ஏன் இவ்வளவு பேர் இந்த வரம்பைத் தாண்டுகிறார்கள் என்பதைக் கணக்கே சொல்லும். 2026 ஏப்ரலிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண். வாரம் 20 மணித்தியாலத்துக்கு 254 பவுண், மாதத்துக்கு ஏறத்தாழ 1,100. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது லண்டனில் வாழ மாதம் 1,529 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்டச் சொல்கிறார்கள். வேலை செய்து வாழ்க்கைச் செலவை ஈடுகட்ட முடியாது என்பது அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. முகவரிடம் காசைக் கட்டுவதற்கு முன், காணியை ஈடு வைப்பதற்கு முன், அந்த 400-க்கு மேற்பட்ட பவுண் மாதாமாதம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். "போய் உழைச்சுப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பிப் போன பிள்ளைதான் பிறகு கையில் காசு கொடுக்கும் கடைக்குப் போகிறது. அங்கே குறைந்தபட்ச ஊதியத்தின் பாதியைக் கொடுத்தாலும் முறையிட முடியாது. முறையிட்டால் தன் விசா மீறலையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பயம் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வரம்புக்குள் நின்று வேலை செய்தவருக்கு இந்தப் பயம் இல்லை. ஊதியம் குறைந்தால் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் தொலைபேசி உதவியை நாடலாம், ஆலோசனைக்குக் கட்டணமில்லை.

ஒன்லைன் வேலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரி 1 முதல் ஃபைவர் போன்ற தளங்கள் பிரித்தானியாவில் வசிக்கும் விற்பனையாளர்களின் வருமான விபரங்களைச் சேகரித்து வரித் திணைக்களத்துக்கு அறிக்கையிட வேண்டியிருக்கிறது. அடுத்த விசாவுக்கு நீங்களே கொடுக்கும் வங்கி அறிக்கையில் மாதாமாதம் வந்த சிறு தொகைகள் வரிசையாகத் தெரியும். இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. வருடத்துக்கு 1,000 பவுண்வரை சிறு வியாபார வருமானத்துக்கு வரியில்லை என்ற சலுகையைக் காட்டி, அதுவரை செய்யலாம் என்பார்கள். அது வரிச் சலுகை. வரி கட்டுவதும் சுயதொழிலாளர் எனப் பதிவதும் விசா அனுமதியைத் தராது. மீறலை நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

மீறல் தெரியவந்தால் விசாவை ரத்துச் செய்யலாம், பல்கலைக்கழகம் அனுசரணையை விலக்கலாம், பின்னால் போடும் விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அனுமதியில்லாத வேலை குற்றமாகவும் கொள்ளப்படும். ஏற்கனவே செய்துவிட்டவர் முதலில் வேலையை நிறுத்த வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் கேள்வி வரும்போது பொய் எழுதக்கூடாது. மீறலைவிடப் பொய் பெரிய குழி, ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டுவரை திரும்ப வரத் தடை விழலாம். பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முழுக்கதையும் சொல்வதற்கு முன், "நான் சொல்வது இரகசியமாக இருக்குமா?" என்று கேளுங்கள். ஆலோசனை கொடுக்கும் பிரிவும், விசா மீறலை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும் பிரிவும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வேறு வேறாக இருக்கும். சிக்கல் பெரிதென்றால் பதிவுபெற்ற சட்டத்தரணியிடம் போகவேண்டும். பதிவில்லாத ஒருவர் குடிவரவு ஆலோசனைத் தொழில் செய்வது அந்த நாட்டில் குற்றம். கடைக்குப் பின்னால் மேசை போட்டிருக்கும் மாமாவிடம் 200 பவுண் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எல்லா நாட்டிலும் விதி இப்படியில்லை. அதனால் ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் சொல்வதை லண்டனுக்குக் கொண்டுவரக் கூடாது. கனடாவில் தவணைக்காலத்தில் வாரம் 24 மணித்தியாலம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அங்கிருந்து ஒன்லைனில் செய்யும் வேலை அந்த 24-இல் சேராது. அவுஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம். வணிக இலக்கம் எடுத்துச் சுயதொழிலும் செய்யலாம், ஆனால் அந்த நேரமும் 48-க்குள் வரும்.

நம் களுவாஞ்சிகுடி மாணவி விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது மூன்று வேலை. ஃபைவரில் கையில் இருக்கும் ஓடர்களை முடித்துக் கொடுத்து, புதிய ஓடர் வராதபடி கணக்கை நிறுத்திவைப்பது. ஊரில் இருந்து உழைத்த மீதிக் காசை எடுத்துக்கொள்வது. அது எந்த விதிக்கும் மாறில்லை. வகுப்பை ஊரிலேயே இருக்கும் ஒரு நண்பியிடம் முழுதாகக் கொடுத்துவிடுவது. கால்வாசி தனக்கு என்று பங்கு பேசிக்கொண்டு போனால், லண்டனில் இருந்து வகுப்பை நடத்துவதாகத்தான் அது பொருள்படும். பங்கில்லாமல் கொடுக்க வேண்டும்.

போன பிறகு, கற்பிப்பதில்தான் ஆசை என்றால், அவளை ஊழியராகப் பதிந்து, வரி கழித்துச் சம்பளச் சீட்டுக் கொடுக்கும் ரியூசன் நிலையமாகப் பார்க்கலாம். "நீங்கள் சுயதொழிலாளராகப் பதிந்துகொண்டு எங்களுக்கு இன்வொய்ஸ் போடுங்கள்" என்று சொல்லும் நிலையமானால் அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். பல்கலைக்கழகமே மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலைகளும் உண்டு: நூலகம், திறந்தநாள் வழிகாட்டி, இளைய மாணவர்களுக்குக் கணித உதவி. மணித்தியாலத்தை அவர்களே கணக்குப் பார்ப்பார்கள் என்பதால் மற்றவற்றைவிட அவை பாதுகாப்பானவை.

படிப்பு முடிந்து, பல்கலைக்கழகம் அதை அமைச்சுக்கு அறிவித்த பிறகு, அவள் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பித்தவருக்கு இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் அது 18 மாதமாகக் குறைகிறது. அந்த விசாவில் சுயதொழிலுக்குத் தடையில்லை. ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அல்ல; முடிவு கையில் வரும்வரை பழைய மாணவர் விசாவின் நிபந்தனைகள்தான் ஓடிக்கொண்டிருக்கும். விசா கிடைத்ததும் அதை ஒருமுறை தன் ஒன்லைன் கணக்கில் திறந்து, வேலை பற்றிய நிபந்தனையை வாசித்துவிட்டு, அன்று மாலையே கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகளுக்கு அவள் சூமைத் திறக்கலாம்.