பயிற்சி இயந்திரத்தில் செய்ததை ஆபீஸ் சர்வரில் செய்யாதீர்கள்

"நான் எதையும் உடைக்கவில்லை அண்ணே, சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்." துபாயில் ஐ.டி. சப்போர்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. இரவில் கராமாவிலுள்ள பெட் ஸ்பேஸில் உட்கார்ந்து கேப்சர் தி ஃப்ளாக் பயிற்சி இயந்திரங்களில் ரூட் ஆகப் பழகுகிறவர். ஒரு நாள் பகலில், தனக்குச் சாதாரண லாகின் மட்டும் தரப்பட்டிருந்த கம்பெனி சர்வரிலும் அதே நான்கு கட்டளைகளை அடித்துப் பார்த்திருக்கிறார். அவற்றில் ஒன்று `sudo -l`. சூடோ அனுமதி இல்லாத ஒருவர் அதை அடித்தால் அவருடைய பெயர், நேரம், எந்த டெர்மினல் என்பதெல்லாம் லாக்கில் விழும். உபுண்டுவில் `/var/log/auth.log`, ரெட்ஹாட் வகையில் `/var/log/secure`. மறுநாள் காலை ஹெச்.ஆர். அவரைக் கூப்பிட்டது. இது போல நான் கேட்கும் முதல் கதை இதுவல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறார்கள், ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்பதைப் படிப்பதில்லை. படித்திருந்தால் ரூட்டும் சீக்கிரம் கிடைக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். என் வீட்டு லேப்டாப்பில் நானே கட்டிவைத்திருக்கும் ஒரு பயிற்சி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பயனராக உள்ளே வந்துவிட்டேன். முதல் கேள்வி, நான் யார்?

```
$ id
uid=1001(kumar) gid=1001(kumar) groups=1001(kumar),1005(deploy)
```

பலர் இந்த வரியில் `uid` மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண் நிற்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கும் `deploy`. லினக்ஸை நிறுவும்போது தானாக வரும் குழு அல்ல அது. யாரோ ஒரு மனிதர் ஏதோ ஒரு வேலைக்காக உருவாக்கியது. மனிதர் கைபட்ட இடத்தில்தான் தவறும் இருக்கும் என்பதால் அந்தப் பெயரைக் குறித்து வைக்கிறேன்.

அடுத்தது `sudo -l`. இது இரண்டாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. அட்மின் தெரிந்தே எனக்குக் கொடுத்த உரிமை என்ன என்பதை இது நேராகச் சொல்லிவிடும், ஊகத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு நிரலை ரூட்டாக ஓட்ட அனுமதித்திருந்தாலும், அந்த நிரலுக்குள்ளிருந்து ஷெல் திறக்க முடியுமானால் கதை முடிந்தது. ஆனால் இது பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும். இணையதள ஓட்டை வழியாக `www-data` ஆக நுழைந்தவரிடம் கடவுச்சொல் இருக்காது. அப்போது பதில் வராததை "உரிமை இல்லை" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, "இன்னும் தெரியவில்லை" என்றுதான் எழுதிவைக்க வேண்டும். என் இயந்திரத்தில் கடவுச்சொல் இருந்தது, உரிமை இல்லை.

மூன்றாவது, எஸ்.யு.ஐ.டி. கோப்புகள்.

```
find / -perm -4000 -type f 2>/dev/null
```

இந்தக் குறி போட்ட நிரலை யார் ஓட்டினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும். `passwd`, `su`, `mount` எல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும், இருந்தால் பதறத் தேவையில்லை. புதிதாக நிறுவிய அதே லினக்ஸ் பதிப்பின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கூடுதலாக இருப்பதை மட்டும் பாருங்கள். வழக்கமான நிரலிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு. `pkexec` நிரலில் 2009 முதல் இருந்த பிழையைக் குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரியில்தான் வெளியிட்டது. அதனால் பெயரோடு பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். என் பட்டியலில் புதிதாக எதுவும் இல்லை.

இப்போது `deploy` குழுவுக்குத் திரும்புகிறேன். இந்தக் குழுவால் எதை எழுத முடியும்?

```
$ find / -group deploy -perm -g=w -type f 2>/dev/null
/opt/backup/nightly.sh
$ ls -l /opt/backup/nightly.sh
-rwxrwxr-x 1 root deploy 212 Mar  4 09:10 /opt/backup/nightly.sh
```

உரிமையாளர் ரூட், எழுதும் உரிமை குழுவுக்கும் உண்டு. இதைப் பார்த்ததுமே குதிக்கிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். என்னால் எழுத முடிகிற கோப்பு என்பது பாதி விஷயம். அதை வேறு ஒருவர், என்னைவிட அதிகாரம் கூடியவர், ஓட்டினால்தான் அது வழியாகும். இந்த ஸ்கிரிப்டை நானே ஓட்டினால் நான் நானாகத்தான் இருப்பேன். ஆகவே அடுத்த கேள்வி, இதை யார் ஓட்டுகிறார்கள்?

```
$ grep nightly /etc/crontab
*/5 * * * * root /opt/backup/nightly.sh
```

ரூட், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டு பாதிகளும் சேர்ந்துவிட்டன. இந்த வரி இங்கே இல்லாமல் போனால்கூட முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ரூட்டின் சொந்தக் கிரான் பட்டியல் `/var/spool/cron` என்ற அடைவுக்குள் இருக்கும், சாதாரணப் பயனர் அதைப் படிக்க முடியாது. அப்போது ஓடும் நிரல்களை `pspy` போன்ற கருவியால் சில நிமிடம் கவனிக்க வேண்டும். `/proc` அடைவு `hidepid` போட்டு மறைக்கப்பட்டிருந்தால் அதுவும் மற்றவர்களுடைய நிரல்களைக் காட்டாது.

நிரூபிக்க ஒரே வரி போதும். ஸ்கிரிப்டில் `id > /tmp/proof.txt` என்று சேர்த்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். கோப்பு வரவில்லை. திறந்து பார்த்தால், ஸ்கிரிப்டின் கடைசி வரி `exit 0`. நான் சேர்த்தது அதற்குக் கீழே, ஆகவே அது ஓடவே இல்லை. மேலே நகர்த்தினேன். அடுத்த சுற்றில் `uid=0(root)` என்று வந்தது. ஒரு கோப்பை மாற்றும் முன் முழுதாகப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்குத்தான். இது பயிற்சி இயந்திரம், போனால் பத்து நிமிடத்தில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆபீஸில் அந்த `nightly.sh` உண்மையான பேக்கப்.

இதே ஓட்டை உங்கள் பொறுப்பிலுள்ள சர்வரில் இருந்தால் வைத்தியம் எளிது. `chown root:root` போடுங்கள், `chmod 700` போடுங்கள். அதோடு `/opt/backup` என்ற அடைவையும் பாருங்கள். அடைவு குழுவால் எழுதக்கூடியதாக இருந்தால், கோப்பைத் தொடாமலேயே அதை நகர்த்திவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். கோப்பை மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடும் அட்மின்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இனி வளைகுடாவில் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ளது. அதில் ஊடுருவல் என்பதற்கான விளக்கத்தில் அனுமதியில்லாமல் நுழைவது மட்டுமல்ல, கொடுத்த அனுமதியின் வரம்பை மீறுவதும் அடங்கும். நம் தம்பி சறுக்கியது இந்த இரண்டாவது பகுதியில். லாகின் இருக்கிறதே என்பது பதிலாகாது. அந்த லாகின் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. 2-ஆம் பிரிவின்படி சிறை, அல்லது ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். சேதம் விளைந்தால் தண்டனை கூடும். அரசுக் கணினி என்றால் அது தனிப் பிரிவு, அபராதமும் அதிகம். சவுதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் ஒவ்வொன்றிலும் இதே வகைச் சட்டம் உண்டு.

பயிற்சியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பயிற்சித் தளங்கள் பெரும்பாலும் ஓப்பன் வி.பி.என். வழியாக இணைத்து, 10-இல் தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுக்கும். நிறைய கம்பெனிகளின் உள் நெட்வொர்க்கும் 10-இல்தான் தொடங்கும். வி.பி.என். அறுந்தது தெரியாமல் ஸ்கேன் செய்தால் அது ஆபீஸ் இயந்திரங்களின் மேல் போய் விழும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஸ்கேனுக்கு முன் இதை அடியுங்கள்.

```
$ ip route get 10.10.14.7
10.10.14.7 dev tun0 src 10.8.0.6 uid 1000
```

`tun0` இல்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் வைஃபை இரண்டிலும் பயிற்சியே வேண்டாம். அமீரகத்தில் வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்பது தவறான பேச்சு. குற்றம் செய்யவோ, செய்த குற்றம் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கவோ முகவரியை மறைப்பதைத்தான் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆனால் அதன் அபராதம் ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை. ஆபீஸ் சர்வரில் கைவைத்துவிட்டு வி.பி.என்னில் ஒளிந்தால் ஒரு வழக்கு இரண்டாகும்.

ஆபீஸ் சர்வரைச் சோதிக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வழி ஒரு கடிதம். வாட்ஸ்அப்பில் மேனேஜர் அனுப்பிய கட்டைவிரல் போதாது, "டீம் லீட் வாயால் சொன்னார்" என்பதும் போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில், அந்த சர்வருக்குப் பொறுப்பான அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்திருக்க வேண்டும். எந்தெந்த சர்வர் என்று பெயரும் முகவரியும் வேண்டும். "நம் நெட்வொர்க் முழுதும்" என்று எழுத விடாதீர்கள். எந்தத் தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, அமீரக நேரப்படி. சர்வர் கடிகாரம் யு.டி.சி.யில் ஓடினால் லாக்கில் நான்கு மணி நேரம் பின்னால் தெரியும், அதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். எந்தக் கணக்கில் நுழைவீர்கள், பார்க்க மட்டும் அனுமதியா, கோப்பை மாற்றவும் அனுமதியா என்பது தனி வரியாக இருக்கட்டும். என் இயந்திரத்தில் `grep` வரை பார்த்தல், ஸ்கிரிப்டில் வரி சேர்த்த கணம் மாற்றுதல். அந்தக் கோடு கடிதத்தில் தெரிய வேண்டும். சர்வர் வாடகைக்கு எடுத்த கிளவுடிலோ வேறொருவரின் டேட்டா சென்டரிலோ இருந்தால் அவர்களுடைய விதிகளையும் படித்து, தேவையானால் அவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் சொந்தக் கையில் இருக்கட்டும். ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருந்தால், சிக்கல் வரும் நாளில் முதலில் மூடப்படுவது அந்த மெயில்தான்.

ஏற்கெனவே செய்துவிட்டவர்களுக்கு. லாக்கை அழிக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், `history -c` அடிக்காதீர்கள், `auth.log` கோப்பைத் தொடாதீர்கள். அமீரகச் சட்டத்தில் டிஜிட்டல் சாட்சியத்தைக் கெடுப்பது தனிக் குற்றமாகலாம். அதுவுமில்லாமல், லாக் இன்னொரு சர்வருக்கும் நகலாகியிருக்கலாம், அப்போது அழித்தது மட்டும் பளிச்சென்று தெரியும். அடித்த கட்டளைகளையும் நேரத்தையும் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் விளக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் அரபியில் எழுதப்படும். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இருக்கிறது, கட்டணமில்லா எண் 800 46342, சட்ட ஆலோசனைக்கும் வழிசெய்வார்கள். இலங்கைத் தமிழர்கள் தங்கள் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவைக் கேளுங்கள். அந்தத் தம்பி மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அறையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கொடுத்த தாளில் அதற்குள் கையெழுத்தும் போட்டுவிட்டார். என்னிடம் அதைக் கொண்டுவந்து காட்டியபோதுதான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் முதன்முதலாகக் கேட்டார்.