பாட்டியின் சிரிப்பு எங்கே போனது?

கும்பகோணத்தில் ஒரு பாட்டி. வாட்ஸ்அப்புக்குப் புதுசு. சென்னையில் வேலை பார்க்கும் பேரனுக்குத் தானே ஒரு சேதி அனுப்ப ஆசை. எழுத்து எழுத்தாகத் தட்டப் பொறுமை இல்லை. கீபோர்டில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினார்: "கண்ணா, இந்தத் தீபாவளிக்கு நீ வர வேண்டாம்டா..." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, "நானும் தாத்தாவும் அங்க வர்றோம்!" என்றார். பச்சை வட்டத்தில் இருந்த அம்புக்குறியை அழுத்தினார்.

பேரனின் போனில் வந்து நின்றது இவ்வளவுதான்: "கண்ணா இந்த தீபாவளிக்கு நீ வர வேண்டாம் டா"

ஒரு மாதமாகப் பாட்டிக்குப் போன் செய்யவில்லையே என்ற உறுத்தல் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. கோபம்தான் என்று முடிவுகட்டி, "சரி பாட்டி" என்று பதில் போட்டான். பாட்டிக்கு ஏக சந்தோஷம். பேரன் ஒப்புக்கொண்டுவிட்டானே!

இது கற்பனைக் கதைதான். ஆனால் இதில் நடப்பது எல்லாமே நடக்கக்கூடியது. தமிழில் பேசி டைப் செய்யும் வசதியை கூகுள் 2017-இல் கொண்டுவந்தது. விரல் நடுங்குகிறவர்களுக்கும், தமிழ் கீபோர்டில் எழுத்தைத் தேடி அலுத்தவர்களுக்கும் அது பெரிய உதவி. அது செய்யும் வேலை, காதில் விழும் ஒலிக்குப் பொருத்தமான சொற்களை ஊகித்து எழுதுவது. சிரிப்பு சொல் இல்லை. ஆகவே எழுத்தில் வராது. ஏற்ற இறக்கமும் வராது. தமிழில் பேசும்போது கேள்விக்குறி, ஆச்சரியக்குறி போன்றவையும் பெரும்பாலும் தானாக விழுவதில்லை. இன்னொன்று, பேச்சில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால், பேசி முடித்தாயிற்று என்று எண்ணி மைக் தானே அணைந்துவிடும். பாட்டி சிரித்த அந்த இரண்டு மூன்று விநாடியில் நடந்தது அதுதான். சேதியின் உயிரான இரண்டாவது வாக்கியத்தை அவர் அணைந்த மைக்கிடம் சொல்லியிருக்கிறார்.

மிஞ்சிய பாதியும் சரியாகப் போய்ச் சேரவில்லை. "வர வேண்டாம்டா" என்பதை இழுத்துச் சொன்னால், உனக்கு எதற்குச் சிரமம் என்ற வாஞ்சை. வெட்டிச் சொன்னால், வராதே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது குரல் மட்டும்தான்.

அந்தக் குரல் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை ஜஸ்டின் குருகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒருவர் சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்ல வேண்டும். எது எது என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். குரலில் கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும். அனுப்பியவர்களோ, எழுத்திலும் 78 சதவீதம் புரிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். எழுதுகிறவரின் மனசுக்குள் அவர் குரல் ஒலித்துக்கொண்டே இருப்பதால், அது எதிராளிக்கும் கேட்கும் என்று தோன்றிவிடுகிறது. படிக்கிறவர் தன் மனநிலையில் இருக்கும் குரலைப் போட்டுப் படிக்கிறார். பேரன் போட்டது தன் உறுத்தலின் குரலை. "சரி பாட்டி"யில் பாட்டி கேட்டது தன் உற்சாகத்தை.

பாட்டியைக் குறை சொல்ல வழியே இல்லை. திரையில் இரண்டு மைக் இருக்கின்றன. கீபோர்டில் இருப்பது பேச்சை எழுத்தாக்கும். வாட்ஸ்அப்பில் எழுதும் பெட்டிக்கு வலப்பக்கம் இருப்பது குரலையே பதிவுசெய்து அனுப்பும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் படம். தன் குரலும் சிரிப்பும் அப்படியே போய்விட்டதாகவே அவர் நினைத்திருப்பார். இரண்டையும் தொட்டுக் காட்டி வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காமல் போனைக் கையில் கொடுத்தவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அனுப்பிய சேதியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்று வாட்ஸ்அப் 2023 முதல் அனுமதிக்கிறது. ஆனால் தவறு நேர்ந்ததே தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? அம்புக்குறியை அழுத்துமுன் பெட்டியில் இருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். பாதி வாக்கியம் விட்டுப்போனது அப்போதே தெரிந்துவிடும்.

கதையில் பேரன் அன்றிரவே போன் செய்தான். "ஏன் பாட்டி வர வேண்டாம்னு சொன்னீங்க?" "நாங்கதான் அங்க வர்றோம்னு சொன்னேனேடா!" அடுத்த நாள் முதல் பாட்டி வலப்பக்க மைக்குக்கு மாறினார். அதை அழுத்தியபடி விரலை மேலே தள்ளினால் பூட்டுப் படம் விழும். பிறகு விரலை எடுத்துவிடலாம். நடுவில் எவ்வளவு நேரம் சிரித்தாலும், அவராக அனுப்பும்வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும்.