அதிகாலை 5:30-க்குக் காணாமல் போன பேய்!

திருப்பூரில் ராத்திரி முழுக்க விளக்கெரியும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, ஷிப்மென்ட் அவசரத்தில் இருக்கும் பனியன் கம்பெனி. இன்னொன்று, அந்தக் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவனின் வீடு. நான் இரண்டாவது வகை.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தோசைக்கல் காயும் நேரத்தில் போன். காங்கேயம் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியின் மேனேஜர்.

"தம்பி, புதன்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் 23 பேர் வேலை பார்த்தாங்க. உங்க சிஸ்டம் எல்லாருக்கும் ஒரு ஷிப்டுன்னு காட்டுதுங்க. நேத்தும் அப்படியேதான் இருக்குது. நாளைக்குச் சம்பளமுங்க."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் ஊரில் சம்பளம் மாதக் கணக்கில் அல்ல, பெரும்பாலும் வாரக் கணக்கில், சனிக்கிழமை. வேலையை மணியில் அளப்பதைவிட ஷிப்டில் அளப்பதுதான் பழக்கம். இந்தக் கம்பெனியில் காலை 8:30-க்கு வந்து மாலை 5:30-க்குப் போனால் ஒரு ஷிப்ட். இரவு 9 வரை இருந்தால் ஒன்றரை. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய வாரம் என்றால் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து, இரவு 1 மணி வரை ஓட்டினால் இரண்டு ஷிப்ட்.

ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக் மெஷினில் இரவு ஒரு மணி வரை குனிந்தே இருந்த ஒரு அக்காவுக்கு 1,000 ரூபாய் வர வேண்டும். என் புண்ணியத்தில் 500 வரும். 23 பேர், இரண்டு ராத்திரி. மொத்தம் 23,000 ரூபாய். இதில் ஒரு ரூபாய்கூட முதலாளி எடுக்கவில்லை, மேனேஜர் எடுக்கவில்லை. நான் எழுதிய ஏதோ ஒரு வரி எடுத்துவிட்டது.

முதல் சந்தேகம்: கைரேகை மெஷின்

சாஃப்ட்வேர்காரனின் முதல் கடமை, தப்பு தன்னுடையது இல்லை என்று நிரூபிப்பது. பனியன் கம்பெனியில் அதற்கு வசதியான குற்றவாளி, வாசலில் இருக்கும் கைரேகை மெஷின். காற்றில் பறக்கிற பஞ்சு அதன் கண்ணாடியில் படிந்து, சில சமயம் விரலே தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனேன்.

வாட்ச்மேன் ஐயா கேட்டைத் திறக்கும் முன்பே நோட்டைத் திறந்தார். "எல்லாரும் ஒண்ணு அஞ்சுக்குத்தான் தம்பி வெளிய போனாங்க. எழுதி வெச்சிருக்கேன் பாருங்க." நீலப் பேனாவில், கோணல்மாணல் எழுத்தில், 23 பேரும் இருந்தார்கள். மெஷினுக்குள் இருந்த பதிவையும் எடுத்துப் பார்த்தேன். வியாழன் அதிகாலை 1:05. அச்சு அசலாக அதே 23 பேர். மெஷின் நிரபராதி.

அடுத்த சந்தேகம் இன்டர்நெட். இரண்டு வாரம் முன்புதான் இந்தக் கணக்கை ஆபீஸ் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து கிளவுட் சர்வருக்கு மாற்றியிருந்தேன். போகிற வழியில் பதிவுகள் தொலைந்திருக்கலாம் அல்லவா? மெஷினில் இருக்கும் வரிகளை எண்ணினேன், சர்வருக்கு வந்தவற்றை எண்ணினேன். இரண்டும் ஒன்றே. எதுவும் தொலையவில்லை.

அப்படியானால் வந்தது எங்கே போனது? தேதியை விட்டுவிட்டு, ஒரு தொழிலாளியின் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினேன். கிடைத்தது. வியாழன் அதிகாலை 1:05 மணிப் பதிவு, புதன்கிழமைக் கணக்கில் சேராமல், செவ்வாய்க்கிழமைக் கணக்கில் உட்கார்ந்திருந்தது!

எங்கள் சிஸ்டம் ஒரு நாள் கணக்கை மறுநாள் இரவு 10 மணிக்குப் பூட்டிவிடும். செவ்வாய்க் கணக்கு புதன் இரவே பூட்டியாகிவிட்டது. பூட்டிய பீரோவின் இடுக்கில் சீட்டு செருகிய மாதிரி, இந்தப் பதிவு யார் கண்ணிலும் படவில்லை. புதன்கிழமைக்கு, வந்த பதிவு மட்டும் உண்டு; போன பதிவு இல்லை. போன பதிவு இல்லையென்றால் ஒரு ஷிப்ட் என்பது நானே எழுதிய விதி.

"என் லேப்டாப்ல சரியாத்தான் இருக்கு!"

இந்த வாக்கியத்தைச் சொல்லாத சாஃப்ட்வேர்காரன் பிறக்கவில்லை. நானும் சொன்னேன். அதிகாலை 1:05 என்று ஒரு பொய்ப் பதிவு தயாரித்து லேப்டாப்பில் ஓட்டினேன். முந்தைய நாள் கணக்கில் சரியாக விழுந்தது. இரவு 11 மணிக்கு அதையே சர்வரில் ஓட்டினேன். அங்கேயும் சரி.

நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் முன்னால், பதிவு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க ஒரே ஒரு வரி சேர்த்தேன். 12:10-க்கு மறுபடி ஓட்டினேன். தப்பு! இரண்டு நாள் பின்னால் போய் விழுந்தது. ஆஹா, நான் சேர்த்த வரிதான் வில்லன் என்று நீக்கினேன். அப்போதும் தப்பு. எதையும் தொடாமல், ஒரு மணி நேரம் முன்பு சரியாக ஓடிய அதே புரோகிராம்.

ஒரு மணிக்கு வாசலில் மெஷினின் பெண் குரல் "தேங்க் யூ, தேங்க் யூ" என்று சொல்ல ஆரம்பித்தது. கைமடிப் பெண்களும் டெய்லர்களும் ஒவ்வொருவராக விரல் வைத்துவிட்டு வேனுக்குப் போகிறார்கள். என் கண் முன்னால், ஒவ்வொரு 'தேங்க் யூ'வும் வெள்ளிக்கிழமையைத் தாண்டி வியாழனில் போய் விழுகிறது. ஒரு அக்கா கேட்டார், "என்னங்க தம்பி, நீங்களும் ரெண்டு ஷிப்டா?"

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் குலக்கதையைச் சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மார்க்-2 என்ற கம்ப்யூட்டர் மக்கர் செய்ததாம். உள்ளே பார்த்தால், ஒரு ரிலேயில் விட்டில்பூச்சி. அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமான பூச்சி ஒன்று கிடைத்த முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற கணினி மேதை இதை ஊரெங்கும் சொல்லிப் பிரபலமாக்கினார். கோளாறைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கும் பழசு. 1878-லேயே எடிசன் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். என் வருத்தம் என்னவென்றால், அவர்களுக்கு அந்தப் பூச்சி கிடைத்தது மத்தியானம் 3:45-க்கு. டியூப்லைட்டைச் சுற்றி ஐம்பது விட்டில்பூச்சி பறந்தும், எனக்கு வேண்டியது மட்டும் சிக்கவில்லை.

பேய் ஓடிய நேரம்

நாலு மணிக்கு மேஜையிலேயே சாய்ந்துவிட்டேன். வாட்ச்மேன் ஐயா டீயோடு எழுப்பினார். தூக்கக் கலக்கத்தில், வேறு யோசனை இல்லாமல் அதே பொய்ப் பதிவை மறுபடி ஓட்டினேன். சரியாக விழுந்தது! மணி பார்த்தேன். 5:31.

"விடிஞ்சா எந்தப் பேயும் நிக்காது தம்பி" என்றார் ஐயா. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பன்னிரண்டுக்கு வந்து ஐந்தரைக்குப் போகிற பேய் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. வகுத்தால் ஐந்தரை. அதாவது உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் அந்தப் பொது நேரத்தில்தான் கடிகாரம் வைத்திருக்கும். நமக்கு நள்ளிரவு தாண்டி சனிக்கிழமை பிறந்தாலும், சர்வருக்குக் காலை 5:30 வரை வெள்ளிக்கிழமைதான்.

நான் எழுதியிருந்த வரி இது:

```sql
CASE WHEN HOUR(punch_time) < 6
     THEN CURDATE() - INTERVAL 1 DAY
     ELSE CURDATE() END
```

காலை ஆறுக்கு முன் விரல் வைத்தால் இன்றைய தேதியில் ஒன்றைக் கழி; இல்லாவிட்டால் இன்றைய தேதியே என்று அர்த்தம். ராத்திரி பத்துத் தடவை படித்தும் தப்பு தெரியவில்லை. ஏனென்றால் `CURDATE()` என்றால் 'இன்று' என்றே படித்தேன்; யாருடைய இன்று என்று கேட்கவில்லை. மணியை மெஷினிடமிருந்து எடுத்தேன், தேதியைச் சர்வரிடமிருந்து எடுத்தேன். வியாழன் அதிகாலை 1:05-க்குச் சர்வர் "இன்று புதன்" என்றது. நான் அதிலும் ஒரு நாள் கழித்தேன். செவ்வாய்!

பழைய கம்ப்யூட்டர் திருப்பூர் நேரத்தில் ஓடியதால் வருஷக்கணக்கில் பிரச்னை இல்லை. கிளவுடுக்கு மாறிய முதல் இரண்டு வாரம் யாரும் நள்ளிரவு தாண்டி வேலை செய்யவில்லை. பகலில் எத்தனை முறை சோதித்தாலும், அந்த நேரத்தில் இரண்டு ஊரிலும் ஒரே தேதிதான். ராத்திரி கண் விழித்தவனுக்கு மட்டுமே தெரிகிற தப்பு இது.

சர்வர் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினாலே தப்பு மறையும். ஆனால் இன்டர்நெட் அறுந்து, பதிவுகள் ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தால் மறுபடி தேதி மாறிவிடும். அதனால் தேதியையும் பதிவிலிருந்தே எடுத்தேன்:

```sql
DATE(punch_time - INTERVAL 6 HOUR)
```

விரல் வைத்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் பின்னால் போய், அங்கே என்ன தேதி என்று பார். வியாழன் 1:05, புதன் இரவு 7:05 ஆகிவிடும். காலை 8:30, அதே நாள் 2:30 ஆகும். எல்லாம் சரியான நாளில் விழும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: இரவு 8-க்கு வந்து காலை 8-க்குப் போகிற வாட்ச்மேன் ஐயாவுக்கு இது ஒத்துவராது. அவர் கணக்கு இன்றும் அவர் நோட்டில்தான்.

மூன்று ராத்திரிப் பதிவுகளையும் மறுபடி ஓட்டி, நோட்டோடு ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்த்து முடிக்க ஏழரை ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டார், "பதினோரு மணி நேரம் என்னங்க எழுதினீங்க?"

"மூணு வரியை எடுத்துட்டு ஒரு வரி எழுதினேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. நேற்று ஊற்றாத தோசையை ஊற்றினார்.

சாயங்காலம் சம்பளக் கவர் கொடுக்கும்போது கம்பெனியில் இருந்தேன். 'ரெண்டு ஷிப்டா' என்று கேட்ட அக்கா, பர்ஸிலிருந்து நாலாக மடித்த கேலண்டர் தாளை எடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு வைத்திருந்தார். சீட்டையும் கோட்டையும் விரலால் எண்ணி, "பத்து ஷிப்ட். சரியா இருக்குதுங்க" என்றார்.

மெஷின், நோட்டு, கேலண்டர் என்று மூன்று இடத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. தப்பு என்னிடம் மட்டும்தான்.