துளை சிறிது, அலசல் பலமுறை

ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்து, நிக்கல் நிரப்பிய குழாயில் பிரித்தெடுத்தால், கையில் கிடைக்கும் 5 மில்லிலிட்டர் திரவத்தில் புரதம் மட்டும் இருக்காது. அதை நிக்கலிலிருந்து விடுவிக்க ஊற்றிய இமிடசோலும், சுமார் 300 மில்லிமோலார் அளவில் கூடவே இருக்கும். அடுத்த பரிசோதனைக்கு அது ஆகாது. அதனால் திரவத்தைச் சவ்வுப் பையில் கட்டி, புதிய பஃபரில் மிதக்கவிடுவார்கள். சின்ன மூலக்கூறுகள் வெளியேறும், புரதம் உள்ளேயே தங்கும். இதுதான் டயாலிசிஸ்.

எந்தச் சவ்வை வாங்குவது? நம் புரதத்தின் எடை 27 கிலோடால்டன். கடையில் எளிதாகக் கிடைக்கும் 14 கிலோடால்டன் சவ்வு போதுமே என்று தோன்றும். ஆனால் சவ்வின் மேல் போட்டிருக்கும் எண் உறுதியான எல்லைக்கோடு அல்ல. பெரும்பாலும், அந்த எடையுள்ள மூலக்கூறில் 90 சதவீதத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதே அதன் பொருள். துளைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே புரத எடையில் பாதியைத் தாண்டக் கூடாது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்தால் நல்லது. நமக்கு 10 கிலோடால்டன் சவ்வே சரி. பயந்துகொண்டு 2 கிலோடால்டனுக்குப் போகவும் வேண்டாம். இமிடசோலின் எடை 68 டால்டன்தான் என்றாலும், துளை குறுகக் குறுக அது வெளியேற நேரம் கூடும்.

அடுத்தது பஃபரின் அளவு. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒன்றரை லிட்டர் பஃபரில் ஒரே தடவை போட்டால், உள்ளும் வெளியும் சமமாகும்போது இமிடசோல் 300 மடங்கு குறைந்து, சுமார் 1 மில்லிமோலாரில் நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குறையாது. அதே ஒன்றரை லிட்டரை மூன்று அரை லிட்டராகப் பிரித்து மாற்றி மாற்றி ஊற்றினால், ஒவ்வொரு முறையும் 100 மடங்கு குறையும். முதலில் 3 மில்லிமோலார், பிறகு 0.03, கடைசியில் 0.0003. சோப்பு போட்ட துணியைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுகிறோமே, அந்தக் கணக்குதான். செலவான பஃபர் ஒன்றுதான், பலன் மூவாயிரம் மடங்கு அதிகம்.

ஒவ்வொரு முறையும் உள்ளும் வெளியும் சமமாக நேரம் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். பஃபரை மெல்லக் கலக்கிக்கொண்டே, முதல் இரண்டு மாற்றங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். கடைசியை 4 டிகிரி குளிரில் இரவு முழுக்க விடுவது வழக்கம். பையை வாய்வரை நிரப்பாதீர்கள். இமிடசோல் வெளியேறும் வேகத்தைவிட வேகமாகத் தண்ணீர் உள்ளே புகுவதால் பை உப்பும், இறுகக் கட்டியிருந்தால் கசியும்.

இந்தப் புரதம் கணிசமாக ஒழுகினால் வெளிப் பஃபரில் பச்சை தெரிந்துவிடும். நிறமில்லாத புரதத்தில் அந்த வசதி கிடையாது. பையிலுள்ள புரதத்தை அளந்து பார்க்கும்வரை, பழைய பஃபரைக் கொட்டிவிடாதீர்கள்.