அணைக்கப்படாத அறிவிப்பு

ஒருவர் செயலியில் டிக்கெட் எடுத்திருக்கிறார். இரவு 10.15க்குப் பெருங்களத்தூரில் ஏறி மதுரை போக வேண்டும். பயணத்துக்குள் செயலி அவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு: டிக்கெட் உறுதியானது, பஸ் எண் இது, பஸ் தாமதம், பஸ் நெருங்கிவிட்டது. கூடவே செயலி நிறுவனம் சொல்ல ஆசைப்படுவதும் ஒன்று உண்டு: தீபாவளிச் சலுகை. எல்லாமே ஒரே மணியோசையோடு வந்தால், ஒரு வாரத்தில் அவர் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுவார். சலுகையோடு தாமதத் தகவலும் போய்விடும். பிறகு ஒருநாள் நடுரோட்டில் நாற்பது நிமிடம் காத்து நின்றுவிட்டு, செயலியையே நீக்குவார்.

நோட்டிஃபிகேஷனை வடிவமைப்பவருக்கு முதல் வேலை வாசகம் எழுதுவதல்ல. எதை எதோடு சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்று முடிவு செய்வதுதான்.

பிரித்துக் கொடுத்த சுவிட்ச்

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, ‘சேனல்’ என்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. செயலி தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் பெயரும் முக்கியத்துவமும் தர வேண்டும். ஓசையோடு திரையின் மேலே எட்டிப் பார்ப்பது ஒரு நிலை. சத்தமில்லாமல் பட்டியலில் போய் உட்காருவது இன்னொரு நிலை. வந்த அறிவிப்பைச் சற்று அழுத்திப் பிடித்தால், அந்த வகையை மட்டும் அணைக்கும் வசதி கிடைக்கும். சேனல் ஒருமுறை உருவான பின் அதன் முக்கியத்துவத்தைச் செயலியால் உயர்த்த முடியாது. அந்த அதிகாரம் போன் வைத்திருப்பவருக்குத்தான்.

நம் பஸ் செயலிக்கு மூன்று சேனல் போதும். ‘பஸ் நேரம், மாற்றம்’ உயர் நிலை. ‘டிக்கெட், பணம்’ சாதாரண நிலை. ‘சலுகைகள்’ ஓசையில்லாத நிலை. பெயரைப் பார்த்ததுமே எதை அணைக்கிறோம் என்று விளங்க வேண்டும். ‘பொது’, ‘இதர’ என்று பெயர் வைத்தால் பிரித்ததற்கே பலனில்லை. ஐபோனில் இப்படி வகைவாரியான சுவிட்ச் கிடையாது. அங்கே செயலிக்குள்ளேயே அந்த அமைப்பை வைத்துக் கொடுக்க வேண்டும்.

அனுமதி கேட்கும் நேரமும் இதோடு சேர்ந்தது. ஐபோன் அந்தக் கேள்வியை ஒரே முறைதான் காட்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், இருமுறை மறுத்தவரிடம் மீண்டும் கேட்க வழியில்லை. செயலியைத் திறந்ததுமே கேட்டால் எதற்கென்று புரியாமல் பலர் மறுப்பார்கள். டிக்கெட் எடுத்து முடித்த திரையில், ‘பஸ் தாமதமானால் சொல்லட்டுமா?’ என்று கேட்டால் காரணம் கண்முன் இருக்கும்.

முதல் சில சொல்

பூட்டிய திரையில் அறிவிப்பின் தலைப்பும் ஓரிரு வரியும்தான் தெரியும். பலர் கண்ணோட்டிவிட்டுத் தள்ளிவிடுவார்கள். இந்த வாசகத்தைப் பாருங்கள்:

‘அன்பான வாடிக்கையாளரே! உங்கள் பயணம் குறித்து ஒரு முக்கியத் தகவல். விவரம் அறியத் தொடவும்!’

தொட்டால்தான் சேதி. தொடுபவர் எண்ணிக்கை கூடும். ஆனால் பயணி எரிச்சலடைவார். அதையே இப்படி எழுதலாம்:

‘மதுரை பஸ் 40 நிமிடம் தாமதம். பெருங்களத்தூருக்கு 10.55க்கு வரும். இப்போது கிண்டியில்.’

இதைத் தொடவே வேண்டாம். படித்தாலே வேலை முடிந்தது. வீட்டைவிட்டு எப்போது கிளம்பலாம் என்று அவர் முடிவு செய்துகொள்வார். ‘முக்கியம்’, ‘உடனே’, ‘கடைசி வாய்ப்பு’ போன்ற சொற்களைச் சலுகைக்குச் செலவழித்தால் புலி வருது கதைதான்: பஸ் நிஜமாகவே ரத்தாகும் நாளில் அந்தச் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

எத்தனை முறை?

தாமதம் 20 நிமிடம் என்கிறது கணினி. பிறகு 40 என்கிறது. பிறகு 30. மூன்றையும் தனித்தனியாக அனுப்பினால் பயணியின் திரையில் மூன்று வரி நிற்கும். எது கடைசி என்று தேட வேண்டும். ஒரே அடையாளத்தோடு அனுப்பினால், புதியது பழையதன் இடத்தில் உட்காரும். கூகுளின் எஃப்சிஎம் சேவை வழியாக அனுப்பும்போது இவ்வளவுதான்:

```
"android": {
  "ttl": "900s",
  "notification": {
    "channel_id": "trip_live",
    "tag": "trip-4471"
  }
}
```

இதில் `tag` மாற்றி உட்கார வைக்கிறது. `ttl` என்பது சேதியின் ஆயுள். அதைக் குறிப்பிடாவிட்டால், அணைந்திருக்கும் போனுக்காகச் சேதி நான்கு வாரம்வரை காத்திருக்கும். ‘பஸ் பத்து நிமிடத்தில் வரும்’ என்பது மறுநாள் காலை மதுரையில் ஒலித்தால் என்ன பயன்? 900 விநாடி, அதாவது 15 நிமிடம், போதும்.

இடத்தை மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் மணி அடிக்கத் தேவையில்லை. நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் ஓசையில்லாமல் திருத்தலாம். ஆனால் 10.55 என்று சொன்ன பஸ் 10.45க்கே வரும் என்றால் கட்டாயம் ஒலிக்க வேண்டும். தாமதம் கூடினால் பயணி கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பார். தாமதம் குறைந்தால் பஸ்ஸையே தவறவிடுவார்.

போன் அணைந்தோ இணையம் இல்லாமலோ இருக்கலாம். ஏறும் இடம் மாறினால், சில நிமிடத்தில் அறிவிப்பு திறக்கப்படாவிட்டால் மட்டும் எஸ்எம்எஸ் போகட்டும். ட்ராய் விதிப்படி வணிக எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்த வரியை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பஸ் ரத்தானால் நேரே போன் செய்வதே சரி. ஒரே தகவலை மூன்று வழியிலும் கொட்டினால் மூன்றும் மதிப்பிழக்கும்.

ஏமாற்றும் கணக்கு

தவறு நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலோர் பார்ப்பது, அனுப்பியதில் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தை. ஒரு கற்பனைக் கணக்கு: சலுகையை 10,000 பேருக்கு அனுப்பி 400 பேர் திறந்தால் 4 சதவீதம். எரிச்சலடைந்த 2,000 பேர் அணைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை மீதி 8,000 பேரில் 380 பேர் திறந்தால் 4.75 சதவீதம். திறந்தவர்கள் 20 பேர் குறைந்திருக்க, அறிக்கையில் வளர்ச்சி தெரியும்.

அதனால், செயலி திறக்கும்போதெல்லாம் எந்தச் சேனல் அணைந்திருக்கிறது என்று போனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு அதைச் சொல்லும். செயலியை நீக்கியவர்களை, எஃப்சிஎம் `UNREGISTERED` என்று திருப்பும் பதிலில் பிறகு அறியலாம். இதோடு, ஒரு பகுதிப் பயனர்களுக்குச் சலுகையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, அவர்கள் எடுக்கும் டிக்கெட்டை மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு வாரச் சோதனை பெரும்பாலும் ‘இன்னும் அனுப்பு’ என்றே சொல்லும். ஃபேஸ்புக்கில் அறிவிப்புகளைக் குறைத்துப் பார்த்த சோதனையை மெட்டா 2022இல் வெளியிட்டது. முதலில் வருகை குறைந்தது. சுமார் ஓராண்டு ஓடவிட்ட பிறகுதான் இழந்தது திரும்பி, பயன்பாடு கூடியது தெரிந்தது.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் ஒரு குறுக்குவழி தலைகாட்டும். அணைக்கப்பட்ட ‘சலுகைகள்’ சேனலை நீக்கிவிட்டு, வேறு அடையாளத்தில் புதிதாக ஒன்றை உருவாக்குவது. ஆண்ட்ராய்டு இதை எதிர்பார்த்து, எத்தனை சேனல் நீக்கப்பட்டன என்பதைச் செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டிவைக்கிறது. பயனருக்கோ அது தேவைகூட இல்லை. தான் அணைத்த சலுகை மறுபடி ஒலித்தால், இந்த முறை அவர் வகையைத் தேட மாட்டார். செயலி முழுவதற்குமான சுவிட்சை அணைப்பார். ‘பஸ் நேரம், மாற்றம்’ சேனலும் அதோடு அணையும்.