விரல் முந்தும், சொல் பிந்தும்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் ஒன்று திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். அதன் முன் பிரெஞ்சுப் பயணிகள் 12 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி தமிழில் விளக்குகிறார்: “வலப்பக்கம் சிவன், ரெண்டு கை. இடப்பக்கம் அம்மன், ஒரே கை. இப்போ இடுப்பு வளைவைப் பாருங்க.” சொல்லச் சொல்ல அவர் விரலும் நகர்கிறது.

மொழிபெயர்ப்பாளர் கூடவே மைக்கில் மெதுவாகப் பேச, பயணிகள் காதுக்கருவியில் கேட்கும் முறை ஒன்று உண்டு. நேரம் வீணாகாது, கூடத்தில் மற்றவர்களுக்கும் தொந்தரவில்லை. ஆனால் எவ்வளவு தேர்ந்தவரும் இரண்டு மூன்று விநாடி பின்னால்தான் வருவார். ‘ஒரே கை’ காதில் விழும்போது விரல் இடுப்புக்குப் போயிருக்கும். பயணிகளின் தலைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பினால், இதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தமிழ் வாக்கியமும் இந்தத் தாமதத்தைக் கூட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் காட்டி, “தான் கொடுத்ததையும் அக்கா குந்தவை கொடுத்ததையும் மனைவிமார் கொடுத்ததையும் மற்றவங்க கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜன்” என்கிறார் வழிகாட்டி. யார், என்ன செய்தார் என்பது கடைசியில்தான் வருகிறது. பிரெஞ்சிலோ அது முதலிலேயே வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதுவரை எல்லாவற்றையும் மனதில் சுமந்து காத்திருக்கிறார். அதற்குள் வழிகாட்டி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறார். இந்த வேலையை ஒருவர் அரை மணிக்கு மேல் செய்தால் பிழை ஏறும். அதனால்தான் இருவர் மாறி மாறிப் பேசுகிறார்கள். கருவி வாடகையோடு இரண்டாவது ஆளின் சம்பளமும் சேரும்.

ஆகவே சிலையின் முன்னால் என் ஓட்டு, பேசி நிறுத்தியபின் பெயர்ப்பதற்குத்தான். 20 நிமிட விளக்கம் 35, 40 நிமிடமாகும். அதற்கேற்பப் பார்க்கும் இடங்களைக் குறைக்க வேண்டியதுதான். வழிகாட்டி இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மொழிபெயர்ப்பு முடியும்வரை நகராமல் நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் சிலையைத் தானே சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டும். ‘வலப்பக்கம்’ என்பது சிலையின் வலமா, பார்ப்பவரின் வலமா என்ற குழப்பமும் அப்போதே தீர்ந்துவிடும். கோயிலில் மேளச்சத்தம் எழுந்தால் இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கலாம். கூடவே பேசுகிறவருக்கோ அந்தச் சத்தத்தில் வழிகாட்டியின் குரலே கேட்காது. வழிகாட்டிக்கும் தனி மைக் இருந்தால்தான் ஓரளவு சமாளிக்கலாம்.

குழுவில் பாதிப் பேர் தமிழர்கள் என்றால் கணக்கு மாறும். ஒவ்வொரு மூன்று வாக்கியத்துக்கும் அவர்கள் சும்மா நின்றால் கூட்டம் கலைந்துவிடும். அங்கே காதுக்கருவிதான் சரி. பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே என்றாலும், கருவியும் இரண்டாவது ஆளும் இருந்தால் இரண்டு முறைகளையும் கலக்கலாம். தஞ்சையில் கேரளாந்தகன் வாயிலிலிருந்து ராஜராஜன் வாயிலுக்கு நடக்கும்போது சோழர் வரலாற்றைக் காதுக்கருவியிலேயே சொல்லிவிடலாம்; அங்கே விரல் எதையும் சுட்டுவதில்லை. சிற்பத்தின் முன் நின்றதும் மைக்கை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். எங்கே மாறுவது என்பதை முதல் நாளே இருவரும் கோயிலைச் சுற்றிவந்து குறித்துக்கொள்வது நல்லது.