கிரவுண்ட் என்றால் பூஜ்யம் வோல்ட்தானே? இல்லை, தெரியுமா?

கோட்டைப் பார்த்து ஓடும் குட்டி ரோபோ. ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு மோட்டார். சும்மா நிற்கும்போது சென்சார் எண்கள் அசையவே இல்லை. மோட்டார் சுற்றியதும் பத்துப் படி தாவுகின்றன! புரோகிராமில் பிழையே இல்லை. குற்றவாளி வெறும் 5 சென்டிமீட்டர் தாமிரக் கோடு என்றால் நம்புவீர்களா?

சிப்புக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் கிரவுண்ட் டிரேஸ் வழியாகவே மோட்டார் மின்னோட்டமும் பேட்டரிக்குத் திரும்புகிறது. 35 மைக்ரான் தடிமன், 1 மில்லிமீட்டர் அகலம் உள்ள அந்தக் கோட்டின் மின்தடை சுமார் 25 மில்லிஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் எழும். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும் சிப்புக்கு ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட்தான். கணக்கு சரியாகப் பத்துப் படி! சாஃப்ட்வேரில் சராசரி எடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். மோட்டார் ஓடும் வரை நீடிக்கும் பிழையைச் சராசரி என்ன செய்யும்?

இன்னும் இருக்கிறது! மோட்டார் டிரைவர் அதே 2 ஆம்பியரை 100 நானோவினாடியில் வெட்டினால், கோட்டின் 40 நானோஹென்றி அளவு இண்டக்டன்ஸ் 0.8 வோல்ட் முள்ளை எழுப்பும். சிப் திடீரென ரீசெட் ஆனால் முதலில் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும். டிரைவரின் மின்சாரப் பின்னை ஒட்டியே ஒரு பெரிய கெப்பாசிட்டரையும் ஒரு 100 நானோஃபாரடையும் வையுங்கள். துடிப்பு அங்கேயே சுற்றி அடங்கும். மோட்டார் கிரவுண்டைப் பேட்டரி முனைக்கே நேராகக் கொண்டுபோங்கள்.

வேகமான சிக்னலின் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பும் தெரியுமா? குறுக்கு வழியில் அல்ல, தன் டிரேஸுக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில்! ஒரே ஒரு வயருக்கு இடம் தேடி அந்தத் தளத்தைக் குறுக்கே வெட்டிவிட்டால், திரும்பும் மின்னோட்டம் வெட்டைச் சுற்றி வளைந்து போகும். அந்த வளையம் இரைச்சலை வீசும், வாங்கவும் செய்யும். கிரவுண்டை இரண்டாகப் பிரிப்பதுதான் நல்லது என்ற பழைய பழக்கம் பெரும்பாலும் கெடுதலே. தளத்தை முழுசாக விட்டு, மோட்டார் பகுதியை ஒரு ஓரமாகவும் சிப், சென்சாரை மறு ஓரமாகவும் வைத்தாலே போதும்.

கிரிஸ்டல் கதை தனி. அதன் காலில் ஆஸிலோஸ்கோப் முனையை வைத்த மாத்திரத்தில் கடிகாரமே நின்றுபோகலாம்! அந்த முனை கூட்டும் 10 பிகோஃபாரட் வாக்கிலான சுமை அதற்கு அவ்வளவு பாரம். அங்கே வழக்கமாகப் போடும் கெப்பாசிட்டரே 22 பிகோஃபாரட்தானே! நீண்ட டிரேஸும் இப்படித்தான் சுமை ஏற்றும். கிரிஸ்டலைச் சிப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வையுங்கள். மோட்டார் டிரேஸ் அதன் பக்கமே வரக்கூடாது.

நம்பிக்கை வரவில்லையா? ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்டைச் சிப்பின் கிரவுண்ட் பின்னிலும், முனையைச் சென்சாரின் கிரவுண்டிலும் வைத்து மோட்டாரை ஓட்டுங்கள். கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்டேஜ் தெரிந்தால், அடுத்த போர்டை ஆர்டர் செய்யும் முன் டிரேஸ் பாதையை மாற்றிவிடுங்கள்.